ஒரு சொல் கூடினால் முகம் மாறும்

வாழைச்சேனையில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம் எடுத்துப் பேர் வாங்கியதைவிட, செத்தவர்களின் படத்தைத் திருத்திக் கொடுத்துப் பேர் வாங்கியதுதான் அதிகம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடையாள அட்டைப் படமோ, எங்கோ ஒரு கும்பலில் நின்ற படமோ கொண்டுவருவார்கள். நான் முகத்தை வெட்டி எடுத்து, நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்து, நரைத்த மீசையைக் கறுப்பாக்கி, சோர்ந்த கண்ணைத் திறந்து, தழும்பு இருந்தால் மறைத்து, சட்டமும் போட்டுக் கொடுப்பேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. கேட்காமலே செய்வதுதான் எங்கள் தொழிலின் மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒருவர்கூடக் குறை சொன்னதும் இல்லை.

அந்த நினைப்புத்தான் ஐந்து நாள் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கியது.

கல்குடாப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்தார். அவருடைய அண்ணன் இறந்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பாசிக்குடாவில் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் படகு ஓட்டுகிறவர், நாற்பத்திநாலு வயது. காய்ச்சல் என்று போய்ச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து முடிந்துபோனார். அவருக்குப் படம் எடுப்பதே பிடிக்காதாம். இருந்தது ஒன்றே ஒன்று. ஹோட்டலில் வேலைக்கு அட்டை செய்ய எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தின் மிச்சப் பிரதி. அதில் ஹோட்டல் பேர் தைத்த டீசேர்ட் போட்டிருந்தார். இறந்தவரின் மனைவி அந்த டீசேர்ட் வேண்டாம் என்கிறா. வெள்ளைச் சட்டையும் தோளில் சால்வையும் நெற்றியில் திருநீறுமாக வேண்டும். அடுத்த சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் காரியம். வாசலில் கட்டும் பதாகையும் நினைவு மலரும் ஓட்டமாவடி அச்சகத்தில் அடிக்கிறார்கள், வியாழன் மத்தியானத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அவர் வந்தது அதற்கு முந்திய சனிக்கிழமை. எனக்கு ஐந்து நாள் கையில் இருந்தது.

படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல படம். கறுத்த, ஒடுங்கிய முகம். மூக்கு நடுவில் ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. வலது கண் இடது கண்ணைவிடச் சின்னது, இமை பாதி இறங்கினாற்போல. வாய் இறுக மூடியிருந்தது. படமெடுத்தவன் மீது கோபம் போல ஒரு பார்வை.

பழைய முறையில் செய்தால் வேறொருவரின் சட்டையை வெட்டிக் கழுத்துக்குக் கீழே ஒட்ட வேண்டும். ஒட்டினது ஒட்டினதாகவே தெரியும். இப்போது கணினியில் ஏஐ இருக்கிறது. படத்தைக் கொடுத்து, வேண்டியதை எழுதினால் புதுப்படம் தரும். ஒரு வருடமாகப் பிறந்தநாள் பதாகைகளுக்கு அதைப் பாவிக்கிறேன். அரை மணித்தியால வேலை என்று சொல்லி அவரை அனுப்பினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

அதற்கு நான் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், தமிழில் சொல்கிறேன். முதலில் எழுதியது இப்படி இருந்தது: இந்தப் படத்தில் இருப்பவரை வெள்ளைச் சட்டை, வேட்டி, சால்வையோடு முழு உருவமாக நிற்கவை. கண்ணியமான இலங்கைத் தமிழ் ஆண். தெளிவான, நல்ல முகம், மெல்லிய புன்னகை, பின்னால் கோயில், உயர்ந்த தரம்.

வந்த படத்தைப் பார்த்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. சால்வையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. துக்க வீட்டுப் பெண் முப்பத்தொன்று முடியும்வரை படி தாண்டுவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அதனால் அவவுடைய தொலைபேசிக்கே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"அண்ண, வேற ஆர்டயோ படத்த மாறி அனுப்பிட்டீங்க போல."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நின்றவர் யாரோ ஒரு மாப்பிள்ளை. மூக்கு நேர், கண் இரண்டும் ஒரே அளவு, பல் தெரியச் சிரிப்பு. மூடிய வாயைச் சிரிக்கச் சொன்னால் அதற்குப் பல் எங்கே தெரியும்? தானாக ஒரு வரிசைப் பல் செய்து, கன்னத்தையும் அதற்கேற்ப ஏற்றிவிட்டிருந்தது. கண்ணியமான தமிழ் ஆண் என்று நான் எழுதியதற்கு, உலகத்தில் உள்ள கண்ணியமான தமிழ் ஆண்களை எல்லாம் கலந்து ஒருவரைச் செய்து தந்திருந்தது. முழு உருவம் கேட்டதால் முகம் நகம் அளவுக்குச் சிறுத்தும் போயிருந்தது. அந்த அளவில் யாருடைய மூக்கு வளைவும் நிற்காது.

ஞாயிறு முழுவதும் முகத்தை விவரிப்பதில் போனது. சாட்சிக்காரன் பொலிஸுக்குச் சொல்வதுபோல எழுதினேன். நாற்பத்திநாலு வயது, கறுத்த நிறம், ஒடுங்கிய தாடை, தடித்த மீசை, வளைந்த மூக்கு, வலது கண் சின்னது. எழுத எழுத நம்பிக்கை வந்தது. படம் வந்தபோது அடிக்க வேண்டும் போல இருந்தது. நான் எழுதிய எல்லாம் அதில் இருந்தது. ஒடுங்கிய தாடை இருந்தது, மூக்கு வளைந்திருந்தது, வலது கண் குத்துப்பட்டதுபோல மூடியே இருந்தது. அவர் மட்டும் இல்லை. அந்தச் சொற்களுக்குப் பொருந்துகிற ஆயிரம் ஆண்களில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. கையில் படத்தைக் கொடுத்துவிட்டு வாயால் விவரித்தால், அது படத்தை விட்டுவிட்டு வாயைக் கேட்கிறது. இது புரிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அதற்கு அவ அனுப்பியது இரண்டு சொல். இவர் இல்ல.

திங்கட்கிழமை இன்னும் பெரிய மடத்தனம் செய்தேன். வந்ததில் கொஞ்சம் கிட்ட இருந்த ஒன்றை எடுத்து, அதையே திருத்தச் சொன்னேன். மூக்கைக் கொஞ்சம் நேராக்கு என்றேன், ஆக்கியது. கண்ணைக் கொஞ்சம் திற என்றேன், திறந்தது. தாடையை ஒடுக்கு, மீசையைக் குறை, நிறத்தைக் கறுப்பாக்கு. ஒவ்வொரு தடவையும் சொன்னதைச் செய்தது, சொல்லாததையும் சேர்த்துச் செய்தது. போட்டோக் கொப்பியைப் போட்டோக் கொப்பி அடித்ததுபோல முகம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை நகர்ந்துகொண்டே போனது. ஏழாவதில் என்னுடைய மாமனாரின் சாயல் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். வழியில் வந்தவற்றில் நாலைந்தை, இதுவா இதுவா என்று அவவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். சிலதுக்கு இல்ல என்று வந்தது. சிலதுக்குப் பதிலே வரவில்லை.

எனக்கு அவ மேலும் எரிச்சல் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. சட்டத்துக்குள் போட்டு மாலை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனைவியிடம் கத்தினேன். மூன்று நாளாகச் சோறு ஆறியபிறகுதான் நான் சாப்பிட வருகிறேன் என்ற கோபம் அவளுக்கு. "படம் பிடிக்கிறத விட்டுட்டு இப்ப கணினிக்குக் கடிதம் எழுதுறீங்க" என்றாள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

செவ்வாய் காலை இன்னொன்று அனுப்பினேன். இந்த முறை குரல் பதிவு வரவில்லை, அவவே அழைத்தா. குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

"அண்ண, கோவிக்காதீங்க. சரியா வாற மட்டும் இனி அனுப்பாதீங்க. ஆஸ்பத்திரியில அவர்ட முகம் வீங்கி வேற மாதிரி ஆயிட்டு. கண்ண மூடினா அதுதான் வருது. வீங்காத முகம் எப்பிடி இருந்ததெண்டு யோசிச்சி யோசிச்சிக் கொஞ்சம் கொண்டு வருவன். மறுகா நீங்க ஒண்டு அனுப்புவீங்க. அதோட அதுவும் போயிரும். இப்பிடியே போனா நான் அவர மறந்திருவன் அண்ண."

அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்களேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்தப் படம் என் மேசையில், ஸ்கேனர் மூடிக்குள் கிடந்தது. சனிக்கிழமை தொட்டு அவவிடம் அவருடைய உண்மையான முகம் ஒன்றுகூட இருக்கவில்லை. அவர் முகத்தை நான் இங்கே வைத்துக்கொண்டு, அவவுக்கு ஊரில் இல்லாத மனிதர்களை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். போனை வைத்தபிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அன்று கடைக் கதவைச் சாத்திவிட்டேன்.

முதலில் எழுதியதை எல்லாம் அழித்தேன். பழைய உரையாடலைத் தொடராமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் மூலப் படத்தையே கொடுத்தேன், அது தந்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்று முடிவு செய்தேன். முழு உருவத்தை விட்டேன். மூலத்தில் இருப்பதுபோல நெஞ்சுவரை போதும், முகம் பெரிதாக நிற்கும். புன்னகை போனது. கோயில் போனது. கண்ணியமான தமிழ் ஆணும் போனார். மூக்கு, கண், தாடை என்று நான் அடுக்கிய அங்க அடையாளம் எல்லாம் போனது. மிஞ்சியது இவ்வளவுதான்: இந்தப் படத்தில் உடையை மட்டும் மாற்று, வெள்ளைச் சட்டை, இடது தோளில் சால்வை. முகம், தலைமுடி, தலையின் சாய்வு, வெளிச்சம் விழும் பக்கம், பார்வை எல்லாம் இந்தப் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும். தெளிவான, நல்ல முகம்.

வந்த படத்தைப் பார்த்துக் கதிரையில் சாய்ந்தேன். அவர்தான். மூக்கு வளைவு இருந்தது, வாய் இறுகியிருந்தது. அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று அதே சொற்களை இன்னும் இரண்டு தடவை கொடுத்தேன். ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறுபடும். ஆனாலும் மூன்றிலும் அவர்தான் இருந்தார். அல்லது அப்படி நினைத்தேன். எதற்கும் என்று திருத்தும் மென்பொருளில் மூலப் படத்தைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கி இதன்மேல் வைத்துப் பார்த்தேன். காது காதோடு பொருந்தியது. மூக்கு பொருந்தியது. கண் பொருந்தவில்லை. வலது கண்ணுக்கு இரண்டு இமை தெரிந்தது. மூலத்தில் பாதி இறங்கியிருந்தது, இதில் மற்றக் கண் அளவுக்குத் திறந்திருந்தது. மற்ற இரண்டிலும் அப்படியேதான்.

வலது கண்ணை உள்ளபடியே விடு என்று சேர்த்தேன். விடவில்லை. இரண்டு கண்ணும் ஒரே அளவு இல்லை, அப்படியே விடு என்றேன். அப்போது தூக்கக் கலக்கம்போல இரண்டையும் இறக்கியது. புதன்கிழமையும் இப்படியே போனது. அந்தக் கண்ணோடு நான் சண்டை பிடித்ததுபோல யாரோடும் பிடித்ததில்லை. சரியாக வராததை அனுப்பவும் முடியாது. வேறு யாரிடம் காட்டி என்ன பயன்? தம்பிக்காரர் எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்கு என்பார். அந்த முகத்தை அறிந்தவ ஒருத்திதான், அவவோ படி தாண்டி வரமாட்டா.

வியாழன் காலை மடிக்கணினியையும் அந்தச் சின்னப் படத்தையும் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். முதலில் சின்னப் படத்தை அவவின் கையில் கொடுத்தேன். சனிக்கிழமையே கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவ அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. நிலத்தில் பாய் போட்டு இருந்தா. நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் கணினியை வைத்து, என் போனில் இருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு, முன்னால் குந்தினேன். அவவின் மைத்துனி ஒரு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தா. அச்சகக்காரர் இரண்டு தடவை அழைத்துவிட்டார்.

ஆகக் கிட்ட வந்த படத்தைக் காட்டினேன். அவ நிமிர்ந்து பார்த்தா. பார்த்துவிட்டுக் கையில் இருந்ததைப் பார்த்தா.

"அவர்தான். ஆனா இந்தக் கண்ணால அவர் என்னப் பார்த்ததில்ல."

எனக்குப் பொறுமை விட்டது. தெரியும் தங்கச்சி, இரண்டு நாளாக அந்த ஒரு கண்ணுக்குத்தான் எழுதுகிறேன், சொன்னால் கேட்கிறதில்லை இந்தச் சனியன் என்று கொட்டினேன். என்ன எழுதுவீங்க என்று கேட்டா. கேட்டதற்காக வாசித்தேன். ஆங்கிலத்தை வரி வரியாகத் தமிழாக்கிச் சொன்னேன். உடையை மட்டும் மாற்று. முகம், தலைமுடி, பார்வை எல்லாம் உள்ளபடியே. வலது கண்ணை மாற்றாதே. கடைசியில் தெளிவான, நல்ல முகம்.

அவ அந்த இடத்தில் நிறுத்தினா.

"ஏன் அண்ண அப்பிடி எழுதுறீங்க? அவர்ட முகம் நல்லமில்லையா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டா. நான் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். முப்பது நாற்பது தடவை எழுதியதில் எல்லாச் சொல்லையும் மாற்றியிருக்கிறேன், அந்த இரண்டு சொல்லை மட்டும் மாற்றவில்லை. கடிதத்தின் கடைசியில் இப்படிக்கு என்று எழுதுவதுபோல அது கை தானாக எழுதிய வரி. இருபத்திரண்டு வருடம் எந்த முகம் வந்தாலும் நல்லதாக்கிக் கொடுத்த கை. மேல்வரியில் உள்ளபடியே விடு என்று சொல்லிவிட்டுக் கீழ்வரியில் நல்லதாக்கு என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒன்றுபோல இல்லாத கண்ணை ஒன்றாக்குவதுதான் நல்லதாக்குவது என்று அதுவும் நினைத்திருக்கிறது. நானும் அப்படித்தானே நினைத்தேன். நல்லமில்லை என்று சொன்னது கணினி இல்லை, நான்தான்.

அந்த வரியை அழித்தேன். கண்ணைப் பற்றி அள்ளிக் கொட்டியதையும் அழித்தேன். உடை, உள்ளபடியே இருக்க வேண்டியவை, வேறொன்றும் இல்லை. சின்னப் படத்தின் ஸ்கேனை மறுபடி கொடுத்தேன். வீட்டில் சிக்னல் குறைவு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவ திரையைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

படம் வந்தது. வெள்ளைச் சட்டை, இடது தோளில் சால்வை, வலது இமை பாதி இறங்கி, படமெடுத்தவன் மீது அதே கோபம். மூலத்தை மேலே வைத்துப் பார்த்தேன். இமைமேல் இமை உட்கார்ந்தது. திருநீற்றையும் அதனிடம் கேட்டுப் பார்த்தேன். பக்தியுள்ள ஆள் என்று எழுதாமல், நெற்றியில் மெல்லிய மூன்று வெள்ளைக் கோடு என்று மட்டும் எழுதினேன். கோடு வந்தது, நெற்றி கொஞ்சம் அகன்றது. அந்த ஆசையை விட்டுவிட்டு, முந்திய படத்திலேயே மூன்று கோட்டையும் என் கையால் வரைந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

கணினியை அவ பக்கம் திருப்பினேன். அவ கிட்ட வந்து குந்தினா. கனநேரம் பார்த்தா. பிறகு வாய்க்குள் ஏதோ சொன்னா, எனக்கு இல்லை. மைத்துனி அழத் தொடங்கினா. அவ அழவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னா.

அங்கிருந்தே அச்சகத்துக்கு அனுப்பினேன். பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சரியான படத்தை அவவின் போனுக்கும் அனுப்பியபோது, போனை என்னிடம் நீட்டினா. பிழையானது எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொன்னா. தனக்கு அழிக்கத் தெரியும், கை வருவதில்லை என்றா.

எட்டு இருந்தது. பல் தெரியச் சிரித்த மாப்பிள்ளையை முதலில் அழித்தேன். குத்துப்பட்ட கண்காரனை அழித்தேன். என் மாமனாரின் சாயல் வந்தவரை அழித்தேன். ஆறாவதில் விரலை வைக்கும்போது அவவின் கை குறுக்கே வந்தது. அது அவருடைய சாயல் ஒன்றுமே இல்லாத படம். மூக்கு நேர், கண் இரண்டும் ஒன்று.

"இவர முன்னால வச்சித்தான் மூணு நாளா விளக்குக் கொளுத்தினன். இவரிட்டத்தான் எல்லாம் சொல்லி அழுதன்."

 போனைக் கொடுத்துவிட்டேன். அந்த ஊர்பேர் தெரியாத மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு தானே அழுத்தி அழித்தா. அழித்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பி, வலது இமை இறங்கிய அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னா.

"இனி இவரிட்ட முதல்ல இருந்து சொல்லணும்."